திரும்பி வந்த காசோலை: கையில் இருக்கும் பதினைந்து நாள்கள்

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நடத்தும்போது, 'மறுக்கப்பட்ட காசோலை' என்பதை ஒரு வரியில் முடித்துவிடுவேன். ரொக்க ஏட்டின்படி இருப்பு இவ்வளவு, மறுக்கப்பட்ட காசோலையைக் கழி, வங்கி பிடித்த கட்டணத்தைக் கழி, அடுத்த கணக்குக்குப் போகலாம் என்பதுதான் பல ஆண்டுகளாக என் பாடம். எங்கள் பள்ளியில் என்னோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் சம்மனோடு என் முன்னால் வந்து நின்ற பிறகுதான், அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அவர் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, அவருக்கு நடந்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

வாத்தியார் செக்

போடிநாயக்கனூரில் பாதி வீடுகளின் வருமானம் மலைமேல் இருக்கிறது. வீடு இங்கே, ஏலத்தோட்டம் போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்தில். ஏலக்காய் ஒரே நாளில் அறுத்து முடிக்கிற வெள்ளாமை இல்லை. ஆடியில் தொடங்கித் தை, மாசி வரை ஆறேழு வாரத்துக்கு ஒரு பறிப்பு என்று வரும். உரம், மருந்து, பறிகூலி எல்லாம் முன்னாலேயே போட வேண்டும். காசு காய் விற்ற பிறகுதான். அந்தக் காய் என்ன விலை போகும் என்பதும் யாருக்கும் தெரியாது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ ரூ.7,000-ஐத் தொட்ட காய், அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரம் ரூபாயைச் சுற்றி வந்து நின்றதை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே இங்கே கடன் என்பது பெரும்பாலும் அடுத்த பறிப்பை நம்பி வாங்குவது. அதற்கு ஈடாகக் கேட்கப்படுவது ஒரு காசோலை.

நண்பரின் அப்பா குத்தகைக்குத் தோட்டம் எடுத்திருந்தார். நெடுங்கண்டம் பக்கம் உள்ள ஒரு வியாபாரியிடம் நான்கு லட்சம் ரூபாய் வாங்கினார். வியாபாரி பத்திரம் எதுவும் கேட்கவில்லை. "மகன் வாத்தியார்தானே, அவர் செக் ஒண்ணு குடுங்க, போதும்" என்றார். மாதச் சம்பளம் வருகிற கணக்கின் காசோலைக்கு இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மதிப்பு. நண்பர் கையெழுத்து மட்டும் போட்டு, தேதி, தொகை, பெயர் எதுவும் எழுதாமல் ஒரு காசோலையைக் கிழித்துக் கொடுத்தார். "ரெண்டு பறிப்பு காய் போட்டாத் தீந்துரும்ப்பா" என்று அப்பா சொன்னார். காசோலையின் எண்ணைக்கூட நண்பர் குறித்துவைக்கவில்லை.

முதல் பறிப்புக்குப் பின் அப்பா சொன்னபடி, நண்பர் தன் கைபேசியிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை வியாபாரியின் கணக்குக்கு அனுப்பினார். அடுத்த பறிப்பில் அப்பா ஐம்பதாயிரத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு ரசீது இல்லை. பிறகு விலை இறங்கியது, குத்தகை முடிந்தது, அப்பாவுக்கும் வியாபாரிக்கும் பேச்சு நின்றுபோனது.

நவம்பர் 7 அன்று நண்பரின் கைபேசிக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரூ.4,00,000-க்கான காசோலை, கணக்கில் போதிய பணம் இல்லாததால் திருப்பப்பட்டது.

எப்போது இது குற்றமாகிறது?

கடனைத் திருப்பித் தராமல் இருப்பது உரிமையியல் வழக்கு. அதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆனால் கடனை அடைக்கக் கொடுத்த காசோலை திரும்பிவந்தால் விஷயம் வேறாகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-இல் வந்தது. அதில் 138-ஆம் பிரிவு 1988-இல் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நண்பரின் நான்கு லட்சத்துக்கு அபராதம் எட்டு லட்சம் வரை போகலாம்.

"கடன் வாங்கியது அப்பா, நான் ஏன் மாட்ட வேண்டும்?" என்று நண்பர் கேட்டார். சட்டம் "ஏதேனும் கடன் அல்லது பொறுப்பு" என்றுதான் சொல்கிறது. அது கையெழுத்திட்டவரின் சொந்தக் கடனாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிணை நின்றவர் கொடுத்த காசோலைக்கும் 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கணக்கு யாருடையதோ, கையெழுத்து யாருடையதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கடனில் வாத்தியார் வந்து நிற்பது இப்படித்தான்.

ஆனால் காசோலை திரும்பிய அந்த நிமிடத்திலேயே குற்றம் முடிந்துவிடுவதில்லை. பலருக்கும் தெரியாத இடம் இதுதான். குற்றம் முழுமையடைய மூன்று படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு உண்டு.

முதற்படி, காசோலை அதன் தேதியிலிருந்து செல்லுபடியாகும் காலத்துக்குள் வங்கியில் போடப்பட்டிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இது மூன்று மாதம். தேதி போடாத காசோலையில் அந்த மூன்று மாதத்தை எப்போது தொடங்குவது என்பது வாங்கியவர் கையில் போய்விடுகிறது.

இரண்டாம் படி, காசோலை திரும்பிய தகவல் தன் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு அவர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்கமாக இது வக்கீல் நோட்டீசாகப் பதிவுத் தபாலில் வரும்.

மூன்றாம் படிதான் நமக்கு முக்கியம். அந்த நோட்டீஸ் நம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் 138-இன் கீழ் குற்றமே இல்லை. கட்டாமல் விட்டால் பதினாறாம் நாள் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் மனு தாக்கல் செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஒரு மாதம் தாண்டியும் நீதிமன்றம் ஏற்கலாம். இதற்குக் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எதுவும் தேவையில்லை. "போலீசில் புகார் இல்லையே, பிறகென்ன" என்று இருப்பது தவறு.

வீணான பதினைந்து நாள்

நண்பரின் தேதிகளை இந்தப் படிகளில் வைத்துப் பார்ப்போம். காசோலை திரும்பியதற்கான வங்கிக் குறிப்பு வியாபாரிக்குக் கிடைத்தது நவம்பர் 8. அவர் டிசம்பர் 8-க்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நவம்பர் 20-இலேயே அனுப்பிவிட்டார். நவம்பர் 24 அன்று நண்பர் கையெழுத்திட்டு வாங்கினார். வாங்கிய நாளை விட்டுவிட்டு எண்ணினால் பதினைந்தாவது நாள் டிசம்பர் 9. புகார் ஜனவரி 2-இல் தாக்கலானது. எல்லாமே காலக்கெடுவுக்குள் இருந்தன.

நவம்பர் 24 முதல் டிசம்பர் 9 வரை நண்பர் என்ன செய்தார்? நோட்டீசை மேசை இழுப்பறையில் வைத்தார். "நாலு லட்சம் பாக்கியே இல்லை, ஒண்ணரை குடுத்தாச்சு. பொய்க் கணக்குக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?" என்பது அவர் எண்ணம். நியாயமான கோபம்தான். ஆனால் அதைத் தாளில் எழுதி அனுப்பியிருக்க வேண்டிய நாள்கள் அவை. ஒரு லட்சம் அனுப்பிய வங்கிப் பதிவோடு, "உங்கள் காசோலைத் தொகை உண்மையான பாக்கியைவிட அதிகம், பாக்கி இவ்வளவு, இதோ அனுப்புகிறேன்" என்று ஒரு பதில் போயிருந்தால் வழக்கு வந்திருக்காமலே போயிருக்கலாம். வந்திருந்தாலும் அவருடைய நிலை மிக வலுவாக இருந்திருக்கும்.

சிலர் நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பினாலும் அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவருக்கு ஒரு வழி உண்டு. கேரளத்திலிருந்து போன சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைக் கட்டி, அதைச் சொல்லிப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்றது. அப்போதும் கட்டாதவர், பிறகு நோட்டீஸ் வரவில்லை என்று வாதாட முடியாது.

வழக்கு மலைமேல் ஏறியது

சம்மன் வந்தபோதுதான் நண்பருக்கு இன்னொரு அதிர்ச்சி. காசோலை போடி வங்கியினுடையது. கையெழுத்துப் போட்டது போடியில். வழக்கோ இடுக்கி மாவட்டத்தில். இது எப்படி?

2014-இல் உச்ச நீதிமன்றம், காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. அது நீடித்திருந்தால் வியாபாரி மலை இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது, காசோலையைப் பெற்றவர் அதைத் தன் கணக்கில் வசூலுக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு இருக்கிற கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்துக்கே அதிகாரம். நீங்கள் யாருக்குக் காசோலை கொடுக்கிறீர்களோ, அவர் கணக்கு வைத்திருக்கும் ஊருக்கு வழக்குக்காகப் போய்வரவும் தயாராக வேண்டும். போடியில் எழுதிய காசோலைக்காகக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக நெடுங்கண்டம் பக்கம் போவது நண்பரின் வாடிக்கையானது. வழக்கறிஞரையும் அங்கேயே வைக்க வேண்டியிருந்தது.

முதல் வாய்தா நாளில் அவருக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுப் பணி. "அடுத்த தேதிக்குப் போய்க்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டார். ஜாமீனில் விடத்தக்க பிடி ஆணை பிறந்தது. உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து பள்ளிக்கே தொலைபேசி வந்தது. தலைமையாசிரியர் அறையில் அதைக் கேட்டு அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம்தான்; நீதிமன்றத்தில் நேர் நின்று பிணை கொடுத்தால் விடுவார்கள். வர முடியாத நாளில் வழக்கறிஞர் மூலம் மனுப் போட்டு அனுமதி கேட்கவும் வழி உண்டு. எதையும் செய்யாமல் சும்மா இருப்பதுதான் பிடி ஆணையை வரவழைக்கிறது.

அரசுப் பணியில் இருப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு பயம். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே வேலை போகாது. ஆனால் குற்றவியல் நீதிமன்றம் தண்டித்துவிட்டால், அந்தத் தண்டனைக்குக் காரணமான நடத்தையின் அடிப்படையில், வழக்கமான துறை விசாரணை இல்லாமலேயே நடவடிக்கை எடுக்க அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆகவே வாத்தியாரைப் பொறுத்தவரை, வழக்கைத் தண்டனை வரை போகவிடாமல் முடிப்பதே முதல் வேலை.

வெற்றுக் காசோலை என்று சொல்லித் தப்ப முடியுமா?

நண்பர் முதலில் நம்பியது இந்த வாதத்தைத்தான். "நான் தொகையே எழுதவில்லை, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் வேறு கையெழுத்து. கையெழுத்து நிபுணரிடம் அனுப்பினால் தெரிந்துவிடும்." அவர் சொன்னது உண்மை. ஆனால் அது அவரைக் காப்பாற்றாது.

சட்டத்தின் 139-ஆம் பிரிவு, காசோலை ஒரு கடனை அடைக்கத்தான் கொடுக்கப்பட்டது என்று முதலிலேயே அனுமானித்துக்கொள்ளச் சொல்கிறது. கையெழுத்து நம்முடையது என்று ஒப்புக்கொண்ட கணத்தில் இந்த அனுமானம் நமக்கு எதிராக எழுந்து நிற்கும். கடன் இல்லை, அல்லது இவ்வளவு இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் பக்கம் வந்துவிடும். கையெழுத்திட்டு வெறுமையாகக் கொடுத்த காசோலையை மற்றவர் நிரப்பினாலும் அது செல்லும் என்று பீர் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் மாநிலத்திலிருந்து போன கலாமணி டெக்ஸ் வழக்கு இன்னும் தெளிவு. ஜவுளித் தொழிலில் இருந்த ஒரு நிறுவனம் 2000 நவம்பரில் ரூ.11.20 லட்சத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பியது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் வெற்று முத்திரைத் தாள்களும் கொடுத்ததைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது அவர்களின் வாதம். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அதை மாற்றித் தண்டித்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வெறுமையாகத்தான் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் சட்டத்தின் அனுமானம் அழிந்துவிடாது என்று சொல்லி, குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரு காசோலைக்காக இருபது ஆண்டு.

அப்படியானால் எந்த வாதம் நிற்கும்? ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததற்கான சான்று நிற்கும். 2022 அக்டோபரில் தசரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. காசோலை கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி திரும்பிவிட்டது என்றால், அதைக் காசோலையிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட முடியாது. போட்டுத் திரும்பினால், அந்த நாளில் உண்மையான கடன் காசோலைத் தொகையைவிடக் குறைவு என்பதால் 138-இன் கீழ்க் குற்றம் இல்லை.

நண்பருக்காகவே எழுதிய தீர்ப்புபோல இருக்கிறது அல்லவா? எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவருடைய வழக்கறிஞர் கைபேசியில் இருந்த அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "இந்த ஒரு லட்சம் எதுக்குன்னு எங்கே எழுதியிருக்கு?" பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் கட்டத்தை நண்பர் வெறுமையாக விட்டிருந்தார். எதிர்த்தரப்பு, அந்த ஒரு லட்சம் தோட்டத்துக்கு உரம் வாங்கிய தனிக் கணக்கு என்று சொன்னது. இல்லை என்று நிரூபிக்கலாம். ஆனால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று ஆண்டுகள் ஆகும். ரொக்கமாகப் போன ஐம்பதாயிரத்துக்கோ எந்தத் தடமும் இல்லை.

இடையில் இன்னொரு அழுத்தமும் இருந்தது. 2018-இல் வந்த திருத்தத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தான் குற்றவாளி அல்ல என்று சொன்ன பிறகு, வழக்கு முடிவதற்கு முன்பே காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாக 60 நாளுக்குள் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் கிடையாது, வழக்கைப் பார்த்து முடிவு செய்வார்கள். நான்கு லட்சத்தில் அது எண்பதாயிரம்.

கடைசியில் சமரசம்தான். இந்தக் குற்றத்தை எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எவ்வளவு முன்னதாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. மேல்முறையீடு வரை இழுத்துவிட்டுச் சமரசத்துக்கு வந்தால் தொகையில் ஒரு பங்கைச் செலவாகக் கட்ட வேண்டிவரும். வங்கிப் பதிவு இருந்ததால் வியாபாரி ஒரு லட்சத்தை ஒப்புக்கொண்டார். ஐம்பதாயிரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று லட்சத்தை நண்பர் வருங்கால வைப்பு நிதி முன்பணம் எடுத்துக் கட்டினார். மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. ஐம்பதாயிரம், வழக்கறிஞர் கட்டணம், எட்டு முறை மலையேறிய விடுப்பு நாள்கள் எல்லாம் போனதில் சேர்த்தி. காசோலை திரும்பிவந்த நவம்பரில் உண்மையான பாக்கி இரண்டரை லட்சம்தான்.

எங்கே நிறுத்தியிருக்கலாம்?

நண்பரும் நானும் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, இது எந்தெந்த இடத்தில் நின்றிருக்கும் என்று பார்த்தோம். நான்கு இடங்கள் கிடைத்தன.

முதலாவது, காசோலையைக் கிழித்த நாள். காசோலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பெயர், தொகை, தேதி மூன்றையும் நாமே எழுதி, குறுக்குக் கோடிட்டு, பெறுபவர் கணக்கில் மட்டும் என்று குறிக்க வேண்டும். மொத்தக் கடனுக்கு ஒரே காசோலை கொடுப்பதைவிட, தவணைக்கு ஒன்றாகச் சிறு தொகைகளில் கொடுத்தால், ஒவ்வொரு தவணை கட்டும்போதும் ஒன்றைத் திரும்பப் பெறலாம். கூடவே ஒரு தாளில், யாருடைய கடன், எவ்வளவு, எந்த எண்ணுள்ள காசோலை, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். காசோலைப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பதிவுப் பட்டியல் இதற்குத்தான். நம்மில் எத்தனை பேர் அதை நிரப்புகிறோம்?

இரண்டாவது, பகுதி பணம் கொடுத்த நாள். அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் "காசோலை எண் இன்னது, கடனில் பகுதி" என்று எழுதியிருந்தால் உரக் கணக்கு என்ற பேச்சே வந்திருக்காது. ரொக்கமாகத்தான் கொடுப்பது என்றால் ரசீது. அதைவிடப் பாதுகாப்பு, பழைய காசோலையை வாங்கிக் கிழித்துவிட்டு மீதித் தொகைக்குப் புதியது கொடுப்பது. அல்லது அந்தக் காசோலையிலேயே வரவைக் குறித்துக் கையெழுத்து வாங்குவது. கடன் முடிந்த நாளில் காசோலை கைக்கு வந்தாக வேண்டும். "எங்கேயோ வச்சிருக்கேன், பார்த்துத் தர்றேன்" என்றால், முழுதும் தீர்ந்தது என்று எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, காசோலையின் தேதி நெருங்கும் நாள். காய் தாமதமாகிறது, பணம் புரளவில்லை என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே எழுத்தில் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும்; அவர் ஒப்புக்கொண்டால் பழையதை வாங்கிப் புதிய தேதியில் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொல்வதோ, கணக்கை மூடுவதோ தப்பிக்கும் வழி ஆகாது. இப்படித் திரும்பும் காசோலைகளும் 138-க்குள் வரும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. காசோலை போட்ட மறுநாள் பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கும் இனி உதவாது. முன்பு மாற்றாக ஒரு நாள் இரண்டு நாள் கிடைக்கும். 2025 அக்டோபர் 4 முதல், அதற்கென உள்ள பகல் நேரத்தில் வங்கியில் போடப்படும் காசோலைக்கு, அன்று மாலை 7 மணிக்குள் நம் வங்கி பதில் சொல்லியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. தேதிக்கு முந்தின நாளே கணக்கில் பணம் இருக்க வேண்டும்.

நான்காவது, நோட்டீஸ் வந்த நாள். உறையின் மேல் வாங்கிய தேதியை எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். நாள்காட்டியில் பதினைந்தாவது நாளை வட்டமிடுங்கள். பாக்கி உண்மையானால், அதற்குள் வங்கி வழியாகவே அனுப்பி, அனுப்பியதைப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். பாக்கியில் தகராறு இருந்தால், வழக்கறிஞர் மூலம் சான்றுகளோடு பதில் அனுப்புங்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவச உதவி உண்டு. எந்த நிலையிலும், கோபத்தில் சும்மா இருப்பதற்கு அந்தப் பதினைந்து நாளைக் கொடுத்துவிடாதீர்கள்.

காசோலையே கொடுப்பதில்லை, வீட்டுக் கடனுக்கும் வண்டிக் கடனுக்கும் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. அப்படிப் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி, பணம் இல்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 25-ஆம் பிரிவின்படி அதே தண்டனைதான். நோட்டீசும் பதினைந்து நாளும் அங்கும் உண்டு.

இந்த ஆண்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை நடத்தியபோது, 'மறுக்கப்பட்ட காசோலை' வந்த இடத்தில் கரும்பலகையில் ஒரு மாதிரிக் காசோலை வரைந்தேன். கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, "இதில் இப்போது எவ்வளவு ரூபாய் இருக்கிறது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவி, ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, எழுந்து, "வாங்குனவங்க எழுதுற அளவுக்கு இருக்கு சார்" என்றாள்.